14 அறை லாட்ஜ், நாலு ஆன்லைன் புக்கிங் தளம்: கமிஷன், விலை, ஒரே அறைக்கு இருவர்

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் 14 அறை கொண்ட ஒரு லாட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். ஏசி இல்லாத டபுள் ரூம் 6, ஏசி டபுள் 6, நாலு பேர் தங்குகிற குடும்ப அறை 2. முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி ரிசப்ஷன் போன் ஓயாது. முகூர்த்தம் இல்லாத வாரத்துச் செவ்வாய், புதனில் பாதி அறை பூட்டியே கிடக்கும். இந்த லாட்ஜ் ஆன்லைன் டிராவல் ஏஜென்டிடம் போவதற்குக் காரணம் அந்தச் செவ்வாய்க்கிழமைதான். ஆனால் ஆன்லைனில் போட்ட பிறகு வருகிற வம்பெல்லாம் முகூர்த்த நாளில்தான் வரும். கமிஷனோ, விலையோ, ஒரே அறையை இரண்டு பேருக்கு விற்றுவிடுவதோ, எதைப் பேசினாலும் இந்த இரண்டு விதமான நாட்களையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

பதிவு செய்வது பெரிய வேலை இல்லை. பான், ஜிஎஸ்டி எண், ரத்து செய்த காசோலை, கட்டட உரிமை அல்லது வாடகைப் பத்திரம், அறைகளின் போட்டோ இவ்வளவு போதும். கவனம் வேண்டிய இடம் ஒன்றுதான். போர்டில் இருக்கிற பெயர், கூகுள் மேப்பில் இருக்கிற பெயர், தளத்தில் போடுகிற பெயர் மூன்றும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கட்டும். ‘ஸ்ரீ’ ஒன்றில் இருந்து இன்னொன்றில் விட்டுப்போனால், சில மாதத்தில் ஒரே லாட்ஜ் இரண்டு லாட்ஜாகப் பட்டியலில் நிற்கும். பழைய பட்டியலில் யாரும் திருத்தாத விலை அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

கமிஷன்: கையில் நிற்பது எவ்வளவு

கமிஷன் விகிதம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். 15 சதவீதத்திலிருந்து 25 வரை கேட்பது சகஜம். இங்கே கணக்குக்கு 18 சதவீதம் என்று வைப்போம். ஏசி டபுளின் விலை, ஜிஎஸ்டி நீங்கலாக, 2,000 ரூபாய்.

ஏஜென்ட் எடுப்பது 360 ரூபாய். அந்த 360-க்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 64 ரூபாய் 80 பைசா. இந்த 64.80-ஐப் பலரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதை நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. முன்பு 12 சதவீத வரி கட்டிய காலத்தில் அது சரி. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைந்தது. கூடவே உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது என்றும் ஆயிற்று. வாடிக்கையாளருக்குக் குறைந்தது, லாட்ஜுக்குக் கமிஷன் மேல் விழும் 18 சதவீதம் சுத்தச் செலவாகிவிட்டது. ஆகவே 18 சதவீதக் கமிஷன் என்பது உண்மையில் 21.24 சதவீதம். 2,000 ரூபாய் அறைக்குக் கையில் நிற்பது 1,575 ரூபாய் 20 பைசா.

பாங்கில் வரவாகும் தொகை இதோடும் ஒத்துப்போகாது. பணத்தை ஏஜென்டே முன்கூட்டி வசூலித்திருந்தால், ஜிஎஸ்டி பதிவு உள்ள லாட்ஜுக்கு அனுப்பும்போது 0.5 சதவீதம் ஜிஎஸ்டி டிசிஎஸ், 0.1 சதவீதம் வருமான வரி டிடிஎஸ் இரண்டையும் பிடித்துக்கொள்வார்கள். இங்கே 10 ரூபாயும் 2 ரூபாயும். இவை செலவு இல்லை, நம் பணம்தான். முதலாவது ஜிஎஸ்டி போர்ட்டலின் ரொக்கக் கணக்கில் சேரும், இரண்டாவது வருமான வரிக் கணக்கில் நம் பெயரில் காட்டும். ஆனால் மாதாமாதம் போர்ட்டலில் போய் ஏற்றுக்கொள்ளாவிட்டால் டிசிஎஸ் அங்கேயே நிற்கும். விருந்தினர் கட்டிய 100 ரூபாய் ஜிஎஸ்டியும் சேர்ந்தே வரும். அது அரசுக்குப் போக வேண்டிய பணம். பாங்கில் 1,663 ரூபாய் 20 பைசா வந்ததைப் பார்த்து அதுதான் வருமானம் என்று நினைத்துவிட்டால், 20-ஆம் தேதி ரிட்டர்ன் போடும்போது கை கடிக்கும்.

வெளிநாட்டில் பதிவான ஏஜென்ட் என்றால் இன்னொன்று. பணத்தை லாட்ஜிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு மாதம் முடிந்ததும் கமிஷனுக்கு இன்வாய்ஸ் அனுப்புவார்கள். அந்த இன்வாய்ஸில் ஜிஎஸ்டி போடாமல் இருந்தால் மிச்சம் என்று அர்த்தமில்லை. பதிவு பெற்ற லாட்ஜ் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் அந்த 18 சதவீதத்தைத் தானே ரொக்கமாகக் கட்ட வேண்டும். இன்வாய்ஸை மாதாமாதம் ஆடிட்டர் கண்ணில் காட்டிவிடுவது நல்லது.

கமிஷனைவிடக் கையைக் கடிப்பது தள்ளுபடிகள். மொபைலில் புக் செய்தால் 10 சதவீதம், அந்தத் தளத்தின் அடிக்கடி வரும் வாடிக்கையாளருக்கு 10 சதவீதம், ‘இந்த மாத ஆஃபர்’ 15 சதவீதம் என்று, லாட்ஜ்காரர் லாகின் செய்து விலையும் அறையும் மாற்றுகிற பக்கமான எக்ஸ்ட்ராநெட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான் இருக்கும். தளத்தின் ஏரியா மேனேஜர் போன் செய்து, இதை ஆன் பண்ணுங்க சார், லிஸ்ட்ல மேல வந்துடுவீங்க என்பார். ஒவ்வொன்றும் சின்னதாகத் தெரியும். ஆனால் பெரும்பாலான தளங்களில் இவை ஒன்றன்மேல் ஒன்றாக விழும். 2,000-இல் 10 போனால் 1,800. அதில் 10 போனால் 1,620. அதில் 15 போனால் 1,377. இந்த 1,377-இல் கமிஷனும் அதன் வரியும் போனால் கையில் நிற்பது 1,084 ரூபாய் 53 பைசா. போர்டில் போட்ட விலையில் பாதிக்குச் சற்று மேல். அன்றைக்கே நேரில் வந்து பேரம் பேசியவருக்கு 1,700-க்குக் கொடுத்திருந்தால் 1,700-உம் நின்றிருக்கும்.

அதனால் விலையைப் பின்னாலிருந்து போட வேண்டும். ஏசி டபுளுக்குக் கையில் 1,500 நின்றாக வேண்டும் என்றால், 1,500-ஐ 0.7876-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 1,905 ரூபாய். 1,500-க்கு மேல் 18 சதவீதம் கூட்டி 1,770 போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. கமிஷன் அந்த 1,770 மேல் விழும், அதற்கு வரியும் விழும், கடைசியில் 1,394 நிற்கும். இரண்டு 10 சதவீதத் தள்ளுபடியும் ஆனில் இருந்தால் 1,905-ஐ இன்னொரு முறை 0.81-ஆல் வகுக்க வேண்டும். அப்போது பட்டியல் விலை சுமார் 2,350.

இங்கேதான் செவ்வாய்க்கிழமைக்கும் முகூர்த்த நாளுக்கும் வித்தியாசம். பூட்டிக் கிடக்கப்போகிற அறைக்கு ஆகிற கூடுதல் செலவு பெட்ஷீட் சலவை, சோப்பு, தண்ணீர், கரண்ட் இவ்வளவுதான். அதைத் தாண்டி நிற்கும் எதுவும் லாபம். அன்றைக்கு 1,084-உம் பரவாயில்லை. அதே தள்ளுபடி முகூர்த்த நாளிலும் ஆனில் இருந்தால், கல்யாண வீட்டார் கேட்டு வாங்கியிருக்கக்கூடிய அறையைப் பாதி விலைக்குத் தாரை வார்த்ததாகும். பல எக்ஸ்ட்ராநெட்டிலும் தள்ளுபடிக்கு விலக்குத் தேதிகள் போட வழி உண்டு. புதுப் பஞ்சாங்கம் வந்ததும் முகூர்த்த நாட்களையும், அவற்றுக்கு முந்தின இரவுகளையும் ஒரே உட்காரலில் விலக்கில் போட்டுவிட வேண்டும். தங்க வருகிற கூட்டம் முகூர்த்தத்துக்கு முந்தின இரவுக்குத்தான் வருகிறது என்பதால், அந்த இரவை மறந்தால் போட்டதில் பயனில்லை.

விலை ஏன் தளத்துக்குத் தளம் வேறாகத் தெரிகிறது

எங்களிடம் உள்ளதைவிட வேறெங்கும் விலை குறைவாக இருக்கக் கூடாது என்று ஏஜென்டுகள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது வழக்கமாக இருந்தது. ஓட்டல் சங்கங்களின் புகாரின்மேல் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைட்ரிப்–கோஐபிபோ குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விலையிலும் அறை எண்ணிக்கையிலும் சமநிலை கேட்கும் நிபந்தனைகளை ஒப்பந்தங்களிலிருந்து எடுக்கவும் சொன்னது. அதற்காக விலை வேறாக இருந்தால் பாதகமே இல்லை என்று ஆகிவிடாது. ஒரு தளத்தில் உங்கள் விலை இன்னொன்றைவிட அதிகமாகத் தெரிந்தால், வாடிக்கையாளர் ஒப்பிட்டுப் பார்த்துப் போய்விடுவார். க்ளிக் வந்து புக்கிங் ஆகாத லாட்ஜைத் தளத்தின் வரிசைமுறை கீழே தள்ளும். இதற்கு ஒப்பந்த நிபந்தனை எதுவும் தேவையில்லை.

நடைமுறையில் சிறிய லாட்ஜில் விலை வேறுபடுவதற்கு யாரும் வேண்டுமென்று செய்தது காரணமாக இருப்பதில்லை. முக்கால்வாசி நேரம் ஒரே பொருளை வெவ்வேறாக எழுதியதுதான் காரணம். ஒரு தளத்தில் 2,000 என்று ஜிஎஸ்டி சேர்த்து ஏற்றியிருப்பார்கள், இன்னொன்றில் வரி நீங்கலாக. ஒன்றில் இது இரண்டு பேருக்கான விலை, மற்றதில் ஒருவருக்கான விலையும் இரண்டாவது ஆளுக்குக் கூடுதலும். ஒன்றில் வெறும் அறை, இன்னொன்றில் காலை டிபனோடு. ஒன்றில் முந்தின நாள் வரை ரத்து செய்யலாம், இன்னொன்றில் பணம் திரும்பாது. விலைப் பட்டியலில் எல்லாம் 2,000 என்றே இருக்கும், திரையில் நாலு விதமாகத் தெரியும்.

கண்டுபிடிப்பது எளிது. லாகின் செய்யாத ப்ரவுசரில், இரண்டு பெரியவர், ஒரு இரவு என்று போட்டு மூன்று தேதிக்குப் பாருங்கள். அடுத்த செவ்வாய், அடுத்த சனி, இரண்டு மாதம் தள்ளி ஒரு முகூர்த்த நாள். பட்டியலில் தெரியும் விலையை எடுக்காமல், பணம் கட்டும் பக்கம் வரை போய், வரிக்கு முந்தின தொகையையும் வரி சேர்ந்த தொகையையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதையே மொபைல் ஆப்பில், ஓர் உறுப்பினர் கணக்கில் லாகின் செய்து பாருங்கள். வித்தியாசம் எல்லாத் தேதியிலும் ஒரே விகிதத்தில் இருந்தால் வரியோ தள்ளுபடியோ காரணம். ஒரே ஒரு தேதியில் மட்டும் இருந்தால் அந்தத் தேதிக்கு யாரோ கையால் விலை மாற்றியிருக்கிறார்கள். ரூபாயில் ஒரே தொகையாக, 150 அல்லது 200 என்று, வித்தியாசம் வந்தால் டிபனோ இரண்டாவது ஆளோ.

இந்தச் சோதனையில் நாம் பெயரே கேள்விப்படாத ஒரு தளத்தில் நம் லாட்ஜ் எல்லோரையும்விட மலிவாக நின்றால், அது பெரும்பாலும் மொத்த விலைக் கசிவு. நவக்கிரகக் கோயில் டூர் நடத்தும் ஏஜென்டுக்கு அறைக்கு 1,300 என்று கொடுத்திருப்போம். அது வண்டி, சாப்பாட்டோடு சேர்த்து விற்பதற்கான விலை. அதை அவர் ஒரு மொத்த வியாபாரியிடம் கொடுக்க, அவர் 1,450 என்று தனி அறையாகவே ஆன்லைனில் போட்டுவிடுவார். அந்தத் தளத்திலிருந்து வரும் முதல் வவுச்சரில் புக் செய்த நிறுவனத்தின் பெயர் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் யாருக்குக் கொடுத்த விலை என்பது தெரிந்துவிடும். டூர் விலையை வாயால் சொல்லாமல், பேக்கேஜோடு மட்டுமே விற்கலாம், தனி அறையாக ஆன்லைனில் விற்கக் கூடாது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குவது இதற்காகத்தான்.

ஏஜென்ட் தன் கமிஷனிலிருந்தே குறைத்து விற்பதும் உண்டு. அப்போது நமக்கு வரும் தொகை குறையாது, ஆனால் மற்றத் தளங்கள் நம்மைத்தான் கேட்கும். புக்கிங் விவரத்தில் நமக்கு வர வேண்டிய நிகரத் தொகை மாறாமல் இருந்தால் குறைத்தது அவர்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்பவருக்கு அனுப்பிவிட்டால் பேச்சு முடிந்தது.

நேரில் வருகிறவருக்கும் போனில் கேட்கிறவருக்கும் குறைத்துக் கொடுப்பது நம் இஷ்டம். ஆனால் பொதுவில் தெரிகிற விலையில் குறைப்பதைவிட, வேறு விதமாகக் கொடுப்பது புத்திசாலித்தனம். காலை ரயிலில் வருபவருக்குக் குளித்துத் தயாராக ஓர் அறையோ, புறப்படும் நாளில் பை வைக்க இடமோ, கார் நிறுத்த இடமோ கொடுத்தால் 200 ரூபாய்த் தள்ளுபடியைவிட அது அவருக்குப் பெரிதாகத் தெரியும். நமக்குச் செலவும் குறைவு.

விலையை எங்கிருந்து மாற்றுவது என்பதில் ஒரே விதி போதும். எல்லாத் தளத்துக்கும் ஒரே இடத்திலிருந்து விலையும் எண்ணிக்கையும் அனுப்புகிற சாஃப்ட்வேரான சேனல் மேனேஜர் இருந்தால் அதில் மட்டும் மாற்ற வேண்டும். ஏசி டபுள், இரண்டு பேர், வெறும் அறை, ரத்து செய்யலாம் என்பது அடிப்படை விலை. டிபனோடு என்றால் 240 கூடுதல், பணம் திரும்பாத விலை என்றால் 8 சதவீதம் குறைவு என்று மற்றவற்றை அதிலிருந்தே கணக்கிட வைக்கலாம். ரிசப்ஷனில் இருக்கும் பையன் அவசரத்துக்கு ஒரு தளத்தின் எக்ஸ்ட்ராநெட்டில் நேராகப் போய் ஒரு தேதியை மாற்றினால், அது சேனல் மேனேஜருக்குத் தெரியாது. சேனல் மேனேஜர் அந்தத் தேதிக்கு அடுத்து ஏதாவது அனுப்பும் வரை அந்த விலை அங்கேயே நிற்கும். இரண்டு மாதம் கழித்துத்தான் யாராவது கவனிப்பார்கள்.

ஒரே அறை, இரண்டு வவுச்சர்

இரட்டைப் புக்கிங் என்றதும் எல்லோரும் சாஃப்ட்வேரைக் குறை சொல்வார்கள். நம் ஊர் லாட்ஜுகளில் பாதிப் பிரச்சினை அதற்கும் முன்னாலேயே, அறையை எண்ணும் முறையிலேயே இருக்கிறது. பல லாட்ஜில் 24 மணி நேரக் கணக்கு. எப்போது வந்தாலும் மறுநாள் அதே நேரத்துக்குக் காலி செய்யலாம். ஆன்லைன் தளங்களுக்கு அந்தக் கணக்கே தெரியாது. அவற்றுக்கு ஓர் அறை என்பது ஓர் இரவு. சனிக்கிழமை இரவு என்றால் சனி மதியம் வந்து ஞாயிறு காலை போவது.

இரண்டும் மோதுகிற ஒரு நாளைப் பார்ப்போம். ஞாயிறு முகூர்த்தம். வெள்ளி இரவு 9 மணிக்கு மூன்று குடும்பம் நேரில் வந்து மூன்று ஏசி டபுள் எடுக்கிறார்கள். 24 மணிக் கணக்கில் சனி இரவு 9 மணி வரை அவர்களுடையது. ரிஜிஸ்டரில் எல்லோரும் சனிக்கிழமை காலி என்று எழுதியிருக்கிறது, ஆகவே தளங்களில் சனி இரவுக்கு 6 அறையும் திறந்தே இருக்கிறது. அதில் 5 விற்றுவிட்டது. வவுச்சரில் ‘செக்-இன் மதியம் 12’ என்று இருக்கிறது. சனி மதியம் 1 மணிக்குக் கல்யாணக் கூட்டம் வந்து நிற்கும்போது காலியாக இருப்பது மூன்று அறை. இரண்டு குடும்பம் பட்டுப்புடவைப் பையோடு ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும். எந்தத் தளமும் கூடுதலாக விற்கவில்லை, ரிஜிஸ்டரிலும் தப்பில்லை. ஆனாலும் எட்டு மணி நேரத்துக்கு இரண்டு அறை குறைகிறது.

இதற்குத் தீர்வு மூன்று. முழு லாட்ஜையும் மதியம் 12-க்கு வந்து காலை 11-க்குப் போகும் முறைக்கு மாற்றிவிடுவது ஒன்று. பழைய வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தயங்கினால், குறிப்பிட்ட அறைகளை, உதாரணமாக ஏசி இல்லாத 6-இல் நாலை, 24 மணிக் கணக்குக்கென்று ஒதுக்கி ஆன்லைனுக்குக் கொடுக்காமல் வைப்பது இன்னொன்று. மூன்றாவது, நேரில் வருபவருக்கு அறை எண்ணோடு காலி செய்யும் நேரத்தையும் ரிஜிஸ்டரில் எழுதி, 11 மணியைத் தாண்டினால் அடுத்த இரவையும் எண்ணிக்கையில் குறைத்துவிடுவது. எங்கள் கணிப்பில் இரண்டாவதுதான் 14 அறைக்குச் சரிப்படும். மூன்றாவது காகிதத்தில் நன்றாக இருக்கும், ஆனால் இரவு ஷிப்டில் ஒருநாள் மறந்தால் போதும்.

இதே மோதல் விடியற்காலையிலும் உண்டு. சென்னையிலிருந்து வரும் இரவு ரயில் விடியுமுன் இறக்கிவிடும். சனிக்கிழமைக்குப் புக் செய்தவர் சனி காலை 5 மணிக்கு வந்து வவுச்சரை நீட்டுவார். அவர் கணக்கில் அது சனிக்கிழமைதான், ஆனால் அவருக்குத் தேவைப்படுவது வெள்ளி இரவின் அறை. தளத்தில் விதிகள் எழுதும் பகுதியில் ‘மதியம் 12-க்கு முன் அறை வேண்டுமானால் முந்தின இரவையும் சேர்த்துப் புக் செய்யவும்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். புக்கிங் வந்ததுமே வாட்ஸ்அப்பில், எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். நள்ளிரவுக்கு அப்புறமும் இப்படித்தான். சனிக்கிழமைக்குப் புக் செய்தவர் பஸ் தாமதமாகி இரவு 1 மணிக்கு வந்தால், தேதி ஞாயிறு ஆகிவிட்டது, இவர் வரவில்லை என்று அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவது இரவு ஷிப்டில் சாதாரணம். 12.30 மணிக்கு மொபைலில் ‘இன்று’ என்று அழுத்தி வாசலில் வந்து நிற்பவரின் வவுச்சர் பெரும்பாலும் அன்று மதியத்துக்கானது. சாவி கொடுக்கும் முன் தேதியைப் பார்க்க வேண்டும்.

எண்ணும் முறை சரியான பிறகுதான் சாஃப்ட்வேர். சேனல் மேனேஜர் இல்லாமல் இரண்டு தளத்தில் விற்பதானால், 6 ஏசி டபுளைப் பிரித்துக்கொடுப்பதே பாதுகாப்பு. ஒன்றுக்கு 2, இன்னொன்றுக்கு 2, கையில் 2. ஒரு தளத்தில் இரண்டும் விற்றால், கையில் உள்ளதிலிருந்து ஒன்றை அங்கே திறக்கலாம். செவ்வாய்க்கிழமை இது நஷ்டமாகத் தெரியும், ஏனென்றால் ஒரு தளத்தில் அறை முடிந்துவிட்டது என்று காட்டும்போது இன்னொன்றில் கிடக்கும். மூன்றாவது தளம் சேர்ந்ததும் இந்த முறை தாங்காது.

சேனல் மேனேஜர் என்பது எல்லாத் தளத்துக்கும் ஒரே எண்ணிக்கையைக் காட்டுவது. ஓர் இடத்தில் விற்றதும் மற்ற இடங்களில் ஒன்றைக் குறைக்கும். இதற்கு எடுக்கும் நேரம் பெரும்பாலும் சில நொடி, சில நேரம் சில நிமிடம். 6 அறை இருக்கும்போது அந்தச் சில நிமிடம் ஒன்றும் செய்யாது. கடைசி அறையில்தான் இரண்டு பேர் ஒரே நேரத்தில் விழுவார்கள். ஆகவே முகூர்த்த நாட்களில் ஒரு வகையில் 1 அறை மிச்சம் என்றதும் ஆன்லைனில் நிறுத்திவிடும்படி வைத்து, அந்த ஒன்றை நேரில் வருபவருக்கு விடலாம். அது எப்படியும் போய்விடும், கமிஷனும் இல்லாமல். தனி வீடுகளுக்கான தளங்களில் உள்ள ஐகேல் காலண்டர் இணைப்பு இதற்கு ஈடாகாது. அது சில மணி நேரத்துக்கு ஒருமுறைதான் மற்ற காலண்டரைப் போய்ப் பார்க்கும், ஒரே மாதிரி 6 அறை என்ற எண்ணிக்கையும் அதற்குத் தெரியாது.

இணைப்பு சரியாக இருக்கிறதா என்பதற்கு ஒரு சோதனை. ஏழு மாதம் தள்ளி எந்த விசேஷமும் இல்லாத ஒரு செவ்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். சேனல் மேனேஜரில் ஏசி டபுளுக்கு 1 அறை, விலை 4,321 என்று போடுங்கள். ஏசி இல்லாததற்கு 1 அறை, 3,217. குடும்ப அறைக்கு 1 அறை, 5,643. பத்து நிமிடம் கழித்து ஒவ்வொரு தளத்திலும் அந்தத் தேதியைப் பாருங்கள். ஏசி டபுளில் 3,217 தெரிந்தால் இரண்டு வகையும் மாறி இணைக்கப்பட்டிருக்கின்றன. பழைய விலை தெரிந்தால் அந்த வகை இணைக்கப்படவே இல்லை, அதன் எண்ணிக்கை யாரும் குறைக்காமல் அப்படியே விற்றுக்கொண்டிருக்கிறது. ஏரியா மேனேஜர் நமக்கு உதவி செய்வதாக நினைத்து எக்ஸ்ட்ராநெட்டில் புதிய ஓர் அறை வகையையோ விலைத் திட்டத்தையோ சேர்த்துவிட்டுப் போவதும் இந்தச் சோதனையில்தான் மாட்டும். பார்த்து முடித்ததும் தேதியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது.

ரத்தாகும் புக்கிங்கும் ஒரு கண்ணி. ரத்தானதும் அறை தானாகத் திறந்துகொள்ளும்படி சில தளங்களில் அமைப்பு உண்டு. அதற்குள் அந்த அறையை நேரில் வந்தவருக்குக் கொடுத்து, ரிஜிஸ்டரில் மட்டும் எழுதிவைத்திருந்தால், தளம் அதை மறுபடி விற்கும். ஏசி கம்ப்ரஸர் போன அறையும் இப்படித்தான். மெக்கானிக் வருவதற்கு இரண்டு நாளாகும் என்று எல்லோருக்கும் தெரியும், சேனல் மேனேஜருக்கு மட்டும் தெரியாது. ரிசப்ஷனில் சாவியை எடுக்கும் முன் எண்ணிக்கையைக் குறைப்பது, ரிப்பேர் அறையை உடனே மூடுவது என்ற பழக்கம் வந்தால் இவை இரண்டும் நின்றுவிடும். குறைத்த பிறகு சாவி; சாவி கொடுத்த பிறகு குறைப்பதல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் இரண்டு வவுச்சர் வரத்தான் செய்யும். அப்போது கடைசியாக வந்தவரைத் திருப்பி அனுப்புவது தப்பு. யாரை மாற்றுவது எளிது என்று பார்க்க வேண்டும். ஒரே இரவு, ஒரே ஆள், இன்னும் வராதவர், பணம் இன்னும் கட்டாதவர் என்றால் அவர். வயதானவரோடும் குழந்தையோடும் இரண்டு இரவுக்கு வருபவரைத் தொடவே கூடாது. மாற்றப்போகிறவர் பஸ்ஸில் இருக்கும்போதே போன் செய்து, அதே தெருவில் இதே தரத்துக்கு அல்லது மேலான அறையை உறுதி செய்த பிறகு விஷயத்தைச் சொல்ல வேண்டும். விலை வித்தியாசமும் ஆட்டோ செலவும் நம்முடையது. உடனே தளத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும், விருந்தினர் புகார் சொல்லி அவர்கள் தெரிந்துகொள்ளும் முன். அவர்களே வேறு இடம் பார்த்துக் கொடுத்தால் வித்தியாசத்தை நம் கணக்கில் பிடிப்பதற்குப் பல ஒப்பந்தங்களில் இடமிருக்கிறது. முகூர்த்த நாளில் அவர்கள் பார்க்கும் இடம் 5,000 ரூபாய் அறையாகவும் இருக்கலாம்.

நீங்களே ஆப்பில் கேன்சல் பண்ணிடுங்க சார் என்று மட்டும் விருந்தினரிடம் சொல்லக் கூடாது. ரத்து நிபந்தனைப்படி பணம் அவருக்குத் திரும்பாமல் போகலாம், அவர் எழுதும் விமரிசனத்தில் முதல் வரியே அதுவாக இருக்கும்.